நிரந்தர இணைப்பு கிடைத்த நாளிலிருந்து முப்பது நாள்

எங்கள் கம்பெனி கன்டோன்மென்ட் பக்கத்திலிருந்த வாடகைக் கட்டடத்தை விட்டுவிட்டு ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் சொந்தமாகக் கட்டிக்கொண்டு போவதென்று முடிவானது தொண்ணூறுகளின் கடைசியில். மின் அளவுக் கருவிகள் செய்கிற நடுத்தரமான கம்பெனி. நான் அங்கே நிர்வாக அதிகாரி. கட்டட வேலையின் காகிதங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பொது மேலாளர் என்னிடம் கொடுத்தார். ஒப்பந்தம், வரைபடங்கள், ஆர்க்கிடெக்டின் உத்தரவுகள், கூட்டக் குறிப்புகள் எல்லாம் என் மேஜைக்கு வந்துதான் கோப்பில் ஏறும். அந்த வேலைக்கு நான் பொருத்தமானவன் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுதி வைக்கும் பழக்கம் எனக்குக் கல்லூரி நாளிலிருந்து உண்டு.

என் இடது காலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து தொடையிலிருந்து பாதம் வரை சூம்பிப்போனது. இரும்புப் பட்டை வைத்த காலிப்பர் போட்டுக்கொண்டு, கையில் தடியோடு நடப்பேன். சமதளத்தில் எவ்வளவு தூரமானாலும் பரவாயில்லை. படி என்றால் ஒவ்வொன்றாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை முதலில் வைத்து மற்றதை இழுத்துக்கொண்டு ஏற வேண்டும். பழைய ஆபீஸ் தரைத்தளம். அங்கே வேலை பார்த்த அத்தனை வருஷத்தில் என் காலைப் பற்றி யாரும் பேச வேண்டிய அவசியமே வரவில்லை.

புதுக் கட்டடத்தின் முதல் வரைபடம் வந்தபோது நான் பார்த்தது லிஃப்டைத்தான். தரைத்தளம் முழுக்க உற்பத்திக்கூடம். முதல் மாடியில் வடிவமைப்புப் பிரிவு. இரண்டாவது மாடியில் கணக்கு, நிர்வாகம், பொது மேலாளர் அறை. மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் போட்டிருந்தது. அதுதான் லிஃப்ட் என்று ஆர்க்கிடெக்ட் விரலை வைத்துக் காட்டினார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பள்ளியில் ஆசிரியை. "அப்ப ரிட்டயர் ஆகுற வரைக்கும் கவலை இல்ல" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கட்டடம் எழும்பிய ஒன்றரை வருஷத்தில் வாரம் ஒருமுறை சைட்டுக்குப் போவேன். காண்ட்ராக்டரின் தகர ஷெட்டில்தான் கூட்டம். காண்ட்ராக்டர் பக்கத்தில் சைட் இன்ஜினியராக இருந்தவர் சேலம் பக்கத்துக்காரர். பொம்மனஹள்ளியில் மாடியில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். என்னை அண்ணா என்பார். நான் வருகிற நாளில் ஷெட் வாசலில் கிடக்கும் கம்பி, ஜல்லியெல்லாம் ஒதுக்கி வைத்திருப்பார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆர்க்கிடெக்ட் மைசூர்க்காரர். தமிழ் நன்றாகவே வரும், நடுநடுவே கன்னடம் விழும்.

வேலை முடியும் தறுவாயில் அவசரம் தொடங்கியது. பழைய கட்டடத்தின் குத்தகை முடிகிறது. கட்டடச் சொந்தக்காரர் நீட்டிக்க மாட்டேன் என்றுவிட்டார். அதற்குமேல் நாள் பார்க்கும் பிரச்சினை. பொது மேலாளர் தஞ்சாவூர் பக்கத்துத் தமிழர். ஆடி பிறக்கும் முன்னே பால் காய்ச்சிவிட வேண்டும் என்றார். ஆர்க்கிடெக்ட் சிரித்தார்.

"சார், உங்க ஆடிக்கு இன்னும் டைம் இருக்கு. எங்க ஆஷாட மாசம் முந்தியே பந்துபிடுத்தெ, வந்துடும். உங்க சேர்மன் கன்னடக்காரர்தானே, அவர் எதைப் பார்ப்பாரு?"

சேர்மன் ஆஷாடத்தைத்தான் பார்த்தார். ஆக, எல்லோரும் நினைத்ததைவிட இரண்டு வாரம் முன்னாலேயே புகுவது என்று ஆயிற்று.

இந்த இடத்தில் ஒரு சான்றிதழைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கட்டடத்தில் எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் அதை ஒப்படைப்பது என்றால் எந்தக் கட்டடமும் ஒப்படைக்கப்படாது. எங்கேயாவது ஒரு குழாய் கசியும், ஒரு கதவு உரசும். அதனால் உபயோகிக்கிற அளவுக்கு முடிந்துவிட்டது என்று ஆர்க்கிடெக்ட் ஒரு சான்றிதழ் தருவார். எங்கள் ஒப்பந்தத்தில் அதன் பெயர் பிராக்டிகல் கம்ப்ளீஷன் சர்டிபிகேட். மீதமிருக்கும் சின்னச் சின்ன வேலைகளை அதோடு ஒரு இணைப்பாகப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் எத்தனை நாளில் முடிப்பதென்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டதை எழுதுவார். அந்தத் தேதியிலிருந்து கட்டடம் எங்கள் கைக்கு வருகிறது. காவல், இன்ஷூரன்ஸ் எல்லாம் எங்கள் பாடு. தாமதத்துக்காகக் காண்ட்ராக்டரிடம் பிடிக்கிற தொகை அன்றோடு நின்றுவிடும். ஒவ்வொரு பில்லிலும் ஈடாகப் பிடித்து வைத்த தொகையில் பாதியை விடுவிக்க வேண்டும். குறை தீர்க்கும் ஒரு வருஷக் காலமும் அன்றுதான் ஆரம்பம். அதனால் இரு தரப்புக்குமே அந்தத் தாள் வேண்டியிருந்தது: காண்ட்ராக்டருக்குத் தொல்லை நிற்க, எங்களுக்கு ஆஷாடத்துக்கு முன் புக.

கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கிற நாள் வந்தது. ஆர்க்கிடெக்ட், சைட் இன்ஜினியர், பொது மேலாளர் மூன்று பேரும் மேலே ஏறினார்கள். நான் தரைத்தளத்தில் லிஃப்ட் குழிக்குப் பக்கத்தில் ஒரு பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். லிஃப்ட் வந்து இறங்கியிருந்தது. கூண்டு மாட்டி, மோட்டார் மேலே ஏற்றி, தண்டவாளம் கட்டி எல்லாம் ஆகிவிட்டது. கதவுகளை மட்டும் இன்னும் மாட்டவில்லை. குழியின் திறந்த வாய் வழியாக மேலே பேசுவது தெளிவாகக் கேட்டது. சைட் இன்ஜினியர் ஒவ்வொரு தளத்திலும் குழி வாயருகே வந்து நின்று கீழே கூப்பிட்டுச் சொல்ல, நான் எழுதினேன்.

கழிப்பறைக் கதவு இரண்டு, பெயின்ட் பூச்சு சரி செய்ய. கணக்குப் பிரிவு ஜன்னலில் கொக்கி இல்லை. மாடிப்படியின் கிரானைட் விளிம்பில் ஒரு கல் உடைந்திருக்கிறது. கைகழுவும் தொட்டிக்குக் கீழே கசிவு. மொட்டை மாடியில் மழைநீர்க் குழாய்க்கு வலை மூடி.

"அண்ணா, எழுதினீங்களா?"

எழுதினேன் என்று மேலே பார்த்துச் சொன்னேன். குழிக்குள் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

பிறகு எல்லோரும் இறங்கி வந்து ஷெட்டில் உட்கார்ந்தோம். தேநீர் வந்தது. நான் எழுதியதை வரிசையாகப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தேன். பெரும்பாலானவற்றுக்குச் சான்றிதழ் தேதியிலிருந்து பதினைந்து நாள். கிரானைட் கல் வெளியூரிலிருந்து வர வேண்டும், அதற்கு முப்பது. எல்லாம் சுமுகமாகப் போனது. கடைசியில் லிஃப்ட்.

லிஃப்டில் மிச்சமிருந்தது கதவு மாட்டுவது, ஓட்டிப் பார்ப்பது, மின் ஆய்வாளரிடம் உரிமம் வாங்குவது. உரிமம் இல்லாமல் ஆளை ஏற்றக் கூடாது. ஓட்டிப் பார்க்க நிரந்தர மின் இணைப்பு வேண்டும் என்று லிஃப்ட் கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. எங்களிடம் அப்போது இருந்தது விளக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் போதுமான ஒரு சிறிய இணைப்புதான். உற்பத்திக்கூடம், லிஃப்ட், குளிரூட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து டிரான்ஸ்பார்மர் போட்டு எடுக்க வேண்டிய பெரிய இணைப்புக்கு விண்ணப்பம் போட்டு, வைப்புத்தொகை கட்ட வேண்டியது கம்பெனியின் பொறுப்பு. அது ஒப்பந்தத்திலேயே இருந்தது. உற்பத்திக்கூடம் மாறும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பொது மேலாளர் தள்ளி வைத்திருந்தார்.

லிஃப்ட் சிறிய வேலைகளின் பட்டியலில் வரக்கூடாது என்று நான் சொன்னேன். அது இல்லாமல் சான்றிதழ் கொடுக்காதீர்கள் என்றேன். அந்த ஷெட்டில் நான் உரக்கப் பேசியது அது ஒருமுறைதான்.

ஆர்க்கிடெக்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை. சிறிய வேலையா இல்லையா என்பதற்கு ஒரு அளவு இருக்கிறது, ஆர்க்கிடெக்டாக அதைத்தான் நான் பார்க்க வேண்டும் என்றார். அது இல்லாமல் கட்டடத்தைக் குறித்த காரியத்துக்கு உபயோகிக்க முடியுமா, பிறகு வந்து அதை முடிக்கும்போது உபயோகத்துக்குத் தொந்தரவு வருமா என்ற இரண்டு கேள்விகள்தான் அந்த அளவு. இது தரைக்குமேல் இரண்டு மாடிதான். இந்த உயரத்துக்கு லிஃப்ட் சட்டப்படி கட்டாயமும் இல்லை. ஆள்கள் படியேறி வேலை செய்வார்கள். லிஃப்ட் குழிக்குள் நடக்கும் வேலையால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

"அப்ப என்னால உபயோகிக்க முடியுமான்னு யாரும் கேக்கலையே சார்?"

பொது மேலாளர்தான் சொன்னார்: "சர்டிபிகேட் ஒரு ஆளுக்காக நிக்க முடியாதுப்பா. கட்டடத்துக்குக் குடுக்கறது அது."

அவர் சொன்னதில் தவறு இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, பட்டியலில் போடுவதென்றால் நாள் கணக்கையாவது ஒழுங்காகப் போடுங்கள் என்றேன். மற்ற வேலைகளைப் போலச் சான்றிதழ் தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்றேன். சைட் இன்ஜினியர் தயங்கித் தயங்கி மறுத்தார். அண்ணா, கரண்ட் குடுக்கறது உங்க கம்பெனி. நீங்க குடுக்கலேன்னா நாங்க எப்படி ஓட்டிக் காட்டறது, நாள் தாண்டிப்போச்சுன்னு எங்க மேல வந்துடுமே என்றார். அதுவும் நியாயம். அதனால் நிரந்தர மின் இணைப்பு கிடைத்த நாளிலிருந்து முப்பது நாள் என்று ஆனது. அப்படியானால் அந்த இணைப்பைக் கம்பெனி இன்ன தேதிக்குள் எடுக்கும் என்று அதே வரியில் சேர்க்கலாமே என்று கேட்டேன். ஆர்க்கிடெக்ட் தலையசைத்து மறுத்தார். சான்றிதழ் காண்ட்ராக்டர் செய்து முடித்ததைப் பற்றியது. கம்பெனி செய்ய வேண்டியதை அதில் எழுதுவது முறையில்லை, அதை உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள் என்றார்.

பொது மேலாளர் என் பக்கம் திரும்பினார். "ரெண்டு மாசம். நான் பாத்துக்கறேன்."

மறுநாள் பழைய ஆபீசில் உட்கார்ந்து சான்றிதழின் இணைப்புப் பட்டியலைத் தட்டச்சு செய்தேன். நான்கு கட்டங்கள்: வேலை, இடம், செய்ய வேண்டியவர், காலம். மற்ற வரிகளில் காலம் என்ற கட்டத்தில் ஒரு எண்ணும் நாள் என்ற சொல்லும் இருந்தன. லிஃப்ட் வரியில் மட்டும் கட்டம் நிரம்பி அடுத்த வரிக்கு இறங்கியது. ஆர்க்கிடெக்ட் கையெழுத்திட்டார். காண்ட்ராக்டர் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டார். கம்பெனிக்கான பிரதியில் பொது மேலாளர் கையெழுத்திட்டார். நான் கோப்பில் வைத்தேன்.

பால் காய்ச்சிய நாளில் என்னை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். பொது மேலாளரின் யோசனை அது. உற்பத்திக்கூடத்துப் பையன்கள் நான்கு பேர். சிரித்துப் பேசிக்கொண்டு, ஏதோ ஊர்வலம் போல. திருப்பத்தில் நாற்காலி சாய்ந்தது. கையிலிருந்த தடி நழுவிப் படிகளில் உருண்டு கீழே போய் விழுந்தது. யாரோ பிடித்துக்கொண்டார்கள், எனக்கு அடிபடவில்லை. மேலே எல்லோரும் கை தட்டினார்கள். புரோகிதர் மந்திரத்தை நிறுத்திப் பார்த்தார். சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். சாப்பிட்டேன். திரும்ப இறங்கும்போது பையன்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எல்லோரும் போன பிறகு நானே உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன்.

தினமும் அதே மாதிரி தூக்கிவிடச் சொல்கிறேன் என்று பொது மேலாளர் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் வேண்டாமென்றேன். ரெண்டு மாதம்தானே, ஏறிக்கொள்கிறேன் என்றேன்.

ஏறினேன். கம்பெனி பஸ் வந்து நின்றதும் எல்லோரும் இறங்கிப் போய்விடுவார்கள். நான் கடைசி. காலையில் ஒருமுறை ஏற்றம், மாலையில் ஒருமுறை இறக்கம். நடுவில் கீழே இறங்குவதில்லை. கேன்டீன் கீழே இருந்ததால் மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோனேன். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன், ஏனென்றால் முதல் சில நாட்களில் இரண்டாவது மாடிக் கழிப்பறையின் கசிவை இன்னும் சரிசெய்திருக்கவில்லை. அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். அந்த வேலை பதினைந்து நாள் கெடுவுக்குள் முடிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கதவு, கொக்கி, வலை மூடி எல்லாம் கெடுவுக்குள் முடிந்தன. கிரானைட் கல்கூட வந்தது. சைட் இன்ஜினியர் ஒவ்வொன்றாக முடித்துக் காட்ட, நான் என் பிரதியில் அடித்துக்கொண்டே வந்தேன். லிஃப்ட் கதவுகளையும் சொன்னபடி மாட்டிவிட்டார். மூடிய கதவுக்குப் பக்கத்தில் பொத்தான் இருந்தது. அழுத்தினால் விளக்கு எரியாது.

இரண்டு மாதம் கழிந்தது. பொது மேலாளரிடம் கேட்டேன். உற்பத்திப் பிரிவு வருகிறபோது இணைப்பு எடுப்போம், இப்போதே வைப்புத்தொகை கட்டினால் காசு சும்மா முடங்கும் என்றார். உற்பத்திப் பிரிவு ராஜாஜி நகரில் இருந்த பழைய ஷெட்டிலேயே இருந்தது. வெளிநாட்டு ஆர்டர்கள் குறைந்துகொண்டு வந்த நேரம் அது. கம்பெனி சுருங்கத் தொடங்கியது. புதுக் கட்டடத்தின் தரைத்தளம் காலியாகவே கிடந்தது. சிறிய இணைப்பில் எல்லாம் ஓடியது. பெரிய இணைப்பின் தேவை எவருக்கும் இல்லை.

ஆர்க்கிடெக்டுக்குக் கடிதம் எழுதலாமா என்று யோசித்து அவரிடம் போனில் பேசினேன். காண்ட்ராக்டரை அவசரப்படுத்த முடியுமா என்று கேட்டேன்.

"எதுக்கு சார் அவசரப்படுத்தறது? அவர் காலமே இன்னும் ஆரம்பிக்கலையே. முப்பது நாள் எப்ப ஆரம்பிக்கும்னு நீங்களே எழுதினீங்க."

நான் எழுதவில்லை, தட்டச்சு செய்தேன் என்று சொல்ல வந்து, சொல்லாமல் வைத்துவிட்டேன். அவரிடம் பேசி என்ன பயன்? காண்ட்ராக்டர் தவறவில்லை. ஆர்க்கிடெக்ட் தவறவில்லை. கம்பெனி மின் இணைப்பை எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும் என்று எந்தத் தாளிலும் இல்லாததால் கம்பெனியும் தவறவில்லை. ஒப்பந்தத்தை முழுதாகப் படித்துப் பார்த்தேன், நான்கைந்து முறை. எல்லோரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் நல்ல காலின் முழங்கால் வீங்கிவிட்டது. இடது காலின் பாரத்தையும் சேர்த்துத் தாங்கியது அதுதான். பௌரிங் ஆஸ்பத்திரி பக்கத்தில் ஒரு எலும்பு மருத்துவரிடம் மனைவி கூட்டிப் போனாள். இந்த ஒரு கால்தான் உங்களிடம் இருக்கிறது, இதையும் கெடுத்துக்கொண்டால் சக்கர நாற்காலிதான் என்றார். படியேறவே கூடாது என்று சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து ஆட்டோவுக்காக நிற்கும்போது மனைவி சொன்னாள்:

"கட்டடத்துக்கு சர்டிபிகேட் குடுத்தாங்க. உங்களுக்கு இது."

அவளுக்கு நாக்கு கூர்மை. அன்றைக்கு அதைக் கேட்டு என்னால் சிரிக்க முடியவில்லை. அவளுக்கும் சிரிப்பு வரவில்லை.

சீட்டைப் பொது மேலாளரிடம் கொடுத்தேன். அவர் கீழே இறங்கி வந்து, காலியாகக் கிடந்த உற்பத்திக்கூடத்தில் நின்றுகொண்டு என்னோடு பேசினார். இவ்வளவு பெரிய கூடத்தில் ஒரு மேஜை போட்டுக்கொள்ளலாமே என்று நான் கேட்டேன். தரைத்தளத்தை வாடகைக்குக் கொடுக்கப் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பிறகு கேட்டருகே, காவலர் அறையை ஒட்டி ஒரு சிறு அறை இருக்கிறது, அதை எனக்குச் சரிசெய்து தருகிறேன் என்றார். கேட் பாஸ், கூரியர், வருகைப் பதிவு எல்லாம் அங்கிருந்து பார்க்கலாம். நிர்வாக வேலை மேலே இருக்கிற கணக்குப் பிரிவு உதவி மேலாளருக்குப் போகும். சம்பளத்தில் மாற்றம் இருக்காது. வேறு வேலை தேடும் வயதா எனக்கு? ஒப்புக்கொண்டேன்.

மேலே என் மேஜையைக் காலி செய்யக்கூட நான் ஏறவில்லை. யாரோ ஒரு அட்டைப் பெட்டியில் எல்லாவற்றையும் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். கட்டடக் கோப்புகள் அதில் இல்லை. அவை மேலேயே தங்கிவிட்டன. அதன்பின் மேலே நடந்த கூட்டங்களுக்கு நான் போகவில்லை. முதலில் கூப்பிட்டார்கள், வர முடியாது என்றேன். பிறகு கூப்பிடுவது நின்றது. யாராவது ஒரு காகிதத்தில் சந்தேகம் என்றால் இன்டர்காமில் கேட்பார்கள். நாளடைவில் அதுவும் குறைந்தது. அந்தக் கம்பெனியில் எந்தக் காகிதம் எங்கே இருக்கிறதென்று எனக்கு மட்டும் தெரிந்திருந்த நிலை போய், எனக்கு எதுவுமே தெரியாத நிலை வந்தது. பஸ்ஸில் பேசிக்கொள்வார்கள், புதிய விடுப்பு விதி, ஆள்குறைப்பு, யாருக்கு என்ன என்று. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வருவேன். பொம்மனஹள்ளி தாண்டும்போது சாலை முழுக்கப் புதுக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் ஆட்கள் சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

குறை தீர்க்கும் ஒரு வருஷம் முடிந்தது. காண்ட்ராக்டருக்கு மீதித் தொகை வாங்கக் கடைசிச் சான்றிதழ் வேண்டும். கடைசிச் சான்றிதழ் வர வேண்டுமானால் இணைப்புப் பட்டியலில் ஒரு வரியும் பாக்கி இருக்கக் கூடாது. பாக்கி இருந்தது ஒரே வரி. அதை எப்படி முடிப்பது என்று ஆர்க்கிடெக்டும் பொது மேலாளரும் காண்ட்ராக்டரும் மேலே உட்கார்ந்து பேசினார்கள். நான் அங்கே இல்லை. சைட் இன்ஜினியர்தான் திரும்பும்போது என் அறையில் வந்து உட்கார்ந்து சொன்னார்.

"அண்ணா, லிஃப்ட எடுத்துட்டாங்க."

எடுத்துட்டாங்கன்னா?

"வேலையிலேர்ந்தே கழிச்சுட்டாங்க. ஆர்க்கிடெக்ட் உத்தரவு எழுதிட்டாரு. லிஃப்ட் கம்பெனி மோட்டார், கூண்டு எல்லாத்தையும் திரும்ப எடுத்துக்கும். அதுக்கு உண்டான காசு உங்க கம்பெனி கணக்குல வரவு. குழிய மூடி ஒவ்வொரு மாடிலயும் ஸ்டோர் ரூம் ஆக்கப்போறாங்க."

என் காலத்துக்குள் அது ஓடாது என்பது எனக்கு எப்போதோ தெரிந்துபோயிருந்தது. ஆனாலும், பட்டியலில் அந்த வரி இருக்கிற வரை யாரோ ஒருவர் ஒருநாள் அதைச் செய்ய வேண்டும் என்று இருந்தது. நாள் தொடங்காவிட்டாலும், எண்ண ஒரு முப்பது நாள் காத்திருந்தது. இனி அதுவும் இல்லை.

சைட் இன்ஜினியர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவேளை அன்றைக்கு ஷெட்டில் நீங்கள் கேட்ட கெடுவுக்கு நாங்கள் ஒத்துக்கொண்டிருந்தால் என்று ஆரம்பித்தார். உங்கள் மேல் தப்பில்லை, அதை எழுதியிருந்தால் உங்கள் முதலாளி உங்களைத்தான் கேட்டிருப்பார் என்றேன். தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டார்.

"எங்க கம்பெனி அடுத்து கோரமங்களால ஒண்ணு எடுத்திருக்கு. அஞ்சு மாடி. அதுல லிஃப்ட் சர்டிபிகேட்டுக்கு முன்னாடியே ஓடணும்னு கிளையன்ட் எழுதி வாங்கிட்டாரு."

நல்லது என்றேன். எனக்காக அதைச் சொன்னார் என்பது புரிந்தது.

அடுத்த வாரம் லாரி வந்தது. லிஃப்ட் கம்பெனி ஆட்கள் ஆறு பேர், கூடவே ஒரு மேஸ்திரி. நாள் முழுக்க மேலே சத்தம் கேட்டது. பிற்பகலில் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து லாரியில் ஏற்றினார்கள். கூண்டின் பக்கங்கள், கதவுகள், கம்பி வடம், கடைசியாக மோட்டார். நான்கு பேர் கயிறு கட்டி இறக்கினார்கள். அவர்களின் முதுகு பிளந்துவிடும் போலிருந்தது. வெளியே போகிற சாமானுக்குக் கேட் பாஸ் எழுதுவது என் வேலை. மேஸ்திரி வந்து நின்றார். கட்டடத்துக்குள்ளே இன்னும் ஓடாத மோட்டார் அது, புதுசு மாதிரி இருக்கிறது, வேறு சைட்டில் மாட்டப்போகிறோம் என்று தானாகவே சொன்னார்.

பாஸ் புத்தகத்தில் காரணம் என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றது. திரும்பக் கொடுத்தது என்று எழுதினேன். பொருள், எண்ணிக்கை, வண்டி எண் எல்லாம் எழுதினேன். மேஸ்திரி கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். காவலரிடம் பாஸைக் கொடுத்து, கேட்டைத் திறக்கச் சொன்னேன்.